கண்ணாடி இழையில் ஒரு நீண்ட பூஜ்யம்

கண்ணாடி இழையில் ஒளி வந்தால் 1, வராவிட்டால் 0. ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தனிக் கம்பி எதுவும் கூட வருவதில்லை. 0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் மாறும் நொடிகளைப் பார்த்துத்தான் மறுமுனைக் கருவி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கச்சேரியில் தட்டு விழாமல் நெடுநேரம் போனால் காலப்பிரமாணம் நழுவுவதைப் போல, பூஜ்யமே தொடர்ந்து வந்தால் இந்தக் கடிகாரமும் நழுவிவிடும்.

1980-களில் தொலைபேசி வலையமைப்புக்காக உருவான சோனெட் முறை இதற்கு வைத்திருக்கும் மருந்து, ஏழே அறைகள் கொண்ட ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு துடிப்பிலும் பிட்டுகள் ஓர் அறை நகர்கின்றன. கடைசி அறையில் இருந்தது வெளியே வருகிறது. ஆறாம் அறையிலும் ஏழாம் அறையிலும் இருந்தவை ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 முதல் அறைக்குள் போகிறது. பொறியாளர்கள் இதை `1 + x^6 + x^7` என்று எழுதுவார்கள். எல்லா அறையிலும் 1 வைத்துத் தொடங்கினால் வெளிவருவது இது:

```
11111110 00000100 00011000 01010001 ...
```

127 பிட் கழித்து இதே வரிசை மறுபடி வரும். அதற்குள் ஏழுக்கு மேல் ஒரே பிட் தொடர்ந்து வராது. அனுப்ப வேண்டிய தகவலை இந்த வரிசையோடு அதே ஒப்பீட்டு விதிப்படி கலந்து அனுப்புகிறார்கள். மறுமுனையில் அதே வரிசையை இன்னொரு முறை கலந்தால் பழைய தகவல் திரும்பிவிடும். இரு முனையும் பிசகாமல் இருக்க, 125 மைக்ரோ நொடி நீளமுள்ள ஒவ்வொரு சட்டகத்தின் தொடக்கத்திலும் ரெஜிஸ்டரை எல்லாம் 1 என்று மீட்டமைக்கிறார்கள்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ரவுட்டருக்கு அனுப்ப எதுவும் இல்லாதபோது 01111110 என்ற எட்டு பிட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். நொடிக்கு 155.52 மெகாபிட் ஓடும் தடத்தில் அந்த ஆற்றல் முழுவதும் 19.44 மெகாஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் குவியும். பக்கத்துச் சுற்றுகளுக்கு அது இரைச்சல். 127 பிட் வரிசையோடு கலந்துவிட்டால், மொத்தக் கோலம் 1,016 பிட்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். அலைவரிசைக் கோடுகள் ஏறத்தாழ 153 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகப் பரவுகின்றன. மொத்த ஆற்றல் குறைவதில்லை, உச்சங்கள்தான் தணிகின்றன.

பேச்சுக்கு இது தாராளமாகப் போதும். ஓர் அழைப்புக்கு ஒரு சட்டகத்தில் ஒரு பைட்தான் இடம். அடுத்த பைட் வேறொருவருடையது. நீளமான தொடரை எந்தத் தனி மனிதராலும் உருவாக்க முடியாது. 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1619, இணையப் பொட்டலங்களை நேராக இந்தச் சட்டகத்தில் ஏற்ற வழிசெய்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இப்போது 1,500 பைட் முழுவதும் ஒருவர் கையில்.

அந்த 127 பிட் வரிசை ஊரறிந்த ஒன்று. ஒருவர் அதையே பொட்டலத்துக்குள் நிரப்பி அனுப்புகிறார் என்று வையுங்கள். தொடக்க இடம் ஸ்க்ராம்ப்ளரோடு பொருந்த வாய்ப்பு 127-இல் ஒன்று. ஆயிரம் பொட்டலம் அனுப்பினால் சில பொருந்தியே தீரும். பொருந்தினால் ஒன்றை ஒன்று அழித்து, இழையில் வெறும் பூஜ்யம் ஓடும். 155 மெகாபிட் தடத்தில் சட்டகத்தின் ஒரு வரிசையில் 260 பைட் தகவல். அதாவது இரண்டாயிரம் பிட்டுக்கு மேல், சுமார் 13 மைக்ரோ நொடி ஒளியே இல்லை. தொடர்ந்து 72 ஒரே பிட்டைத் தாங்குகிறதா என்றுதான் ஏற்பிகளைச் சோதித்துவந்தார்கள். 2.3 மைக்ரோ நொடி இருட்டுக்கே ‘சமிக்ஞை இல்லை’ என்று அறிவித்துவிட சில கருவிகளுக்கு விதியில் இடமுண்டு. ஒரு சாதாரணப் பயனர் பல பேர் பயன்படுத்தும் தடத்தையே வீழ்த்திவிடலாம். ஸ்க்ராம்ப்ளர் பூட்டு அல்ல. தகவலுக்குத் தன் வரிசை தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அது வேலை செய்கிறது.

1999-இல் ஆர்எஃப்சி 2615 இதைச் சரிசெய்தது. பழைய ஸ்க்ராம்ப்ளர் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் `x^43 + 1` என்ற இரண்டாவது ஒன்றைச் சேர்த்தார்கள். இதில் ஒவ்வொரு பிட்டும், 43 பிட்டுக்கு முன் வெளியே போன பிட்டோடு கலக்கிறது. ரெஜிஸ்டரில் என்ன இருக்கும் என்பதை அதுவரை போன எல்லாருடைய தகவலும் சேர்ந்து தீர்மானிக்கிறது. வெளியாள் ஊகிக்க வேண்டுமானால் எட்டு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள். ஏற்பி தனக்கு வந்த பிட்டுகளையே 43 அறைகளில் நிரப்பிக்கொள்வதால் மீட்டமைக்கவும் தேவையில்லை. விலை ஒன்று உண்டு: வழியில் ஒரு பிட் கெட்டால், 43 பிட் தள்ளி இன்னொன்றும் கெடும்.

ஒரு முனையில் இதை இயக்கி மறுமுனையில் மறந்துவிட்டால் வரும் கோளாறு விசித்திரமானது. ஒளி அளவு சரியாக இருக்கும், சோனெட் எச்சரிக்கை ஏதும் இராது, ஆனால் ஒரு பொட்டலமும் தேறாது. சிஆர்சி பிழைகள் மட்டும் ஏறும். அப்போது `C2` என்ற பைட்டைப் பார்க்க வேண்டும். `0x16` என்றால் அனுப்புபவர் இரண்டாவது ஸ்க்ராம்ப்ளரை இயக்கியிருக்கிறார், `0xCF` என்றால் இல்லை. சிஸ்கோ ரவுட்டர்களில் அதை இயக்கும் கட்டளை `pos scramble-atm`.