கடைசியில் நின்றால் வினையா?

"ஆடு புல் மேய்கிறது. நீ மேடையில் ஆடு." இவற்றில் எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று கேட்கும் தமிழ்ப் பயிற்சித்தாளைப் பார்த்திருப்பீர்கள். படி, ஓடு, மலர், விதை, அணை என்று ஒரே சொல் இரண்டு வேலை செய்யும் வரிசை அதில் தொடரும். பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுவார்கள். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பலர் சொல்லைப் பார்ப்பதில்லை. அது நிற்கும் இடத்தைத்தான் பார்க்கிறார்கள். முதலில் வந்தால் பெயர், கடைசியில் வந்தால் வினை.

இந்தக் குறுக்குவழி பலிப்பதற்குப் பயிற்சித்தாளே காரணம். தமிழில் வினையின் வேர்ச்சொல் அப்படியே தனித்து நின்றால் அது முன்னால் இருப்பவரை ஏவும் சொல். அதனால்தான் வினை வாக்கியங்கள் எல்லாம் "நீ" என்று தொடங்கி, கேட்ட சொல்லில் முடிகின்றன. "வேலியோரம் நிற்பது எங்கள் ஆடு" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் போதும், குறுக்குவழி உடைந்துவிடும். தமிழில் பெயரும் வாக்கியத்தை முடித்து வைக்கும்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? சொல்லை வளர்த்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பெயர் வேற்றுமை உருபை ஏற்கும். வினை காலத்தைக் காட்டும். ஆடு என்ற பெயரோடு "ஐ" சேர்ந்தால் டகரம் இரட்டித்து "ஆட்டை" ஆகும். வினையோ "ஆடினாள், ஆடுகிறாள், ஆடுவாள்" என்று போகும். கூரை ஓடும் இப்படித்தான்: "ஓட்டை மாற்றினார்கள்", "பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள்". இரட்டித்தாலே பெயர் என்று மட்டும் முடிவு கட்டக் கூடாது. "தொட்டிலை ஆட்டினாள்" என்பதிலும் இரட்டிப்பு உண்டு. ஆனால் அது பிறரை அல்லது பிறிதொன்றை ஆடச் செய்யும் வினை. "ஐ" இருக்கிறதா, காலம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆடு, ஓடு போன்றவற்றில் பொருளே வெவ்வேறு என்பதால் பொருளை வைத்தும் தப்பித்துவிடலாம். உண்மையில் சிக்கலானது "அடி" போன்ற சொல். "ஆணியை அடி", "அவனுக்கு நல்ல அடி". இரண்டிலும் பொருள் ஏறக்குறைய ஒன்று. நிற்கும் இடமும் ஒன்று. இரண்டாவதைச் செயலைக் குறிக்கும் சொல் என்பதால் வினை என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அங்கே அது அந்தச் செயலின் பெயர்; காலம் காட்டாது.

இதற்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பெயருக்கு முன் "நல்ல" வரும், வினைக்கு முன் "நன்றாக" வரும். நல்ல அடி, நன்றாக அடி. நல்ல ஆடு, நன்றாக ஆடு. இலக்கணச் சொற்கள் எதுவும் தெரியாத பிள்ளைக்கும் "ஆணியை நல்ல அடி" என்று சொல்ல வாய் வராது.