நேர்காணலுக்குப் பின் ஒரு நன்றி மடல்

நேர்காணல் முடிந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்பும் நன்றி மின்னஞ்சலில் முதலில் சரிபார்க்க வேண்டியவை பெயர்கள். பேட்டி கண்டவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், பதவியின் பெயர் ஆகியவற்றை அழைப்புக் கடிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். பழைய மடலை நகலெடுத்துத் திருத்தும்போது முந்தைய நிறுவனத்தின் பெயர் அப்படியே தங்கிவிடுவதுண்டு. எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிழையாகக் காட்டாது.

அடுத்தது தொனி. கிடங்குக் கணக்காளர் பணிக்கு எழுதிய ஒரு வரைவில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: "இப்பணிக்கு என்னைவிடத் தகுதியானவர் இல்லை. தாங்கள் நேரம் ஒதுக்கியது என் பெரும்பாக்கியம்." முதல் வரி தற்பெருமை, இரண்டாவது குழைவு. திருத்திய வடிவம்: "இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இருப்புக் கணக்கு ஏன் பொருந்தாமல் போகிறது என்று நீங்கள் விளக்கியது பயனுள்ளதாக இருந்தது. அந்த வேலையைச் செய்ய ஆர்வமாக உள்ளேன்." பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பிடுவதே இதற்கு இதம் தருகிறது.

கடைசியாக, மடலை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் வரியைச் சுருக்கலாம். பெறுநர் முகவரியை எல்லாம் முடிந்த பிறகே இட்டால், அரைகுறை மடல் கைதவறிப் போகாது.