பதிவேற்றும் முன் பங்கைப் பேசுங்கள்

ஒரு தனிப்பாடலில் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. ஸ்டூடியோவில் பதிவான ஒலிப்பதிவு மற்றொன்று. ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து விநியோகஸ்தர் வழியாக வரும் பணம் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கானது. அதைப் பிரிப்பதில்தான் மனஸ்தாபம் வருகிறது.

தயாரிப்பாளர் 30,000 ரூபாய் செலவழித்தார் என்று வையுங்கள். பங்கு: அவருக்கு 40 சதவீதம், இசையமைப்பாளருக்கு 25, பாடகிக்கு 20, பாடலாசிரியருக்கு 15. வருமானம் 50,000. செலவைக் கழித்துவிட்டுப் பிரித்தால் பாடலாசிரியருக்கு 3,000. கழிக்காமல் பிரித்தால் 7,500. சதவீதம் ஒன்றுதான், தொகை இரண்டரை மடங்கு. எனவே ‘செலவு முதலில் கழியுமா, எதெல்லாம் செலவு’ என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படைப்புக்கான ராயல்டி தனிக் கணக்கு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி, பாடலைப் பதிவுசெய்து அதைப் பெறலாம். 2012 சட்டத் திருத்தத்தின்படி, உரிமையை எழுதிக்கொடுத்தாலும் இந்த ராயல்டியை அவர்கள் விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தம் போட முடியாது.

விநியோகஸ்தர் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, பணம் அவரிடமே வரும். மாதாந்திர அறிக்கையை நால்வரும் பார்க்கலாம் என்ற நிபந்தனையையும், பெயர்கள் இடம்பெறும் எழுத்துக்கூட்டலையும் ஒரே தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்திட்ட பிறகே பாடலை ஏற்றுங்கள்.