டி.எஸ்.எச். மட்டும் குறைந்திருந்தால்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. டி.எஸ்.எச். 0.06. பக்கத்திலேயே ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4 இரண்டும் இயல்பான அளவுக்குள் இருக்கின்றன. அதைக் கையில் வைத்திருப்பவர் 68 வயது அம்மா என்று வைத்துக்கொள்வோம். பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார். மற்றபடி, “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்கிறார்.

தைராய்டு சுரப்பி எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். வழியாகச் சொல்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும். அது மிகவும் கூர்மையானது. ஹார்மோன் கொஞ்சம் ஏறினாலே டி.எஸ்.எச். பல மடங்கு சரியும். அதனால் டி4 ‘நார்மல்’ எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே, இந்த உடம்புக்கு அது அதிகம் என்பதை டி.எஸ்.எச். காட்டிவிடுகிறது. பரிசோதனையில் மட்டும் தெரிகிற இந்த நிலைக்கு சப்கிளினிக்கல் ஹைப்பர்தைராய்டிசம் என்று பெயர். பொதுவாக 0.4-க்குக் கீழே இருந்தால் குறைவு. 0.1-க்கும் கீழே போனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அடிபடுவது இதயம். தைராய்டு ஹார்மோன் கூடும்போது இதயத்தின் மேலறைச் செல்கள் ஒரு துடிப்புக்குப் பின் ஓய்வெடுக்கும் நேரம் சுருங்குகிறது. இடையிடையே உரிய நேரத்துக்கு முன்பே துடிப்புகள் கிளம்புகின்றன. இரண்டும் சேர்ந்தால் மேலறை சீராகச் சுருங்குவதை விட்டுவிட்டுத் துடிதுடிக்கத் தொடங்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்போது இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 60 வயதைக் கடந்தவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். இயல்பாக இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இந்தத் தாளக்கோளாறு வந்தது. 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு வந்தது.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்லவே முடியாதபடி வேகமும் இடைவெளியும் பலமும் மாறிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். இந்தக் கோளாறு விட்டுவிட்டும் வரும் என்பதால் ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் போதாது. 24 மணி நேர ஹோல்டர் கருவியில் சிக்குவது உண்டு.

எலும்பு சத்தமில்லாமல் தேய்கிறது. எலும்பில் பழைய பகுதி அரிக்கப்பட்டு, அந்தக் குழியில் புதிய எலும்பு நிரம்புவது ஆயுள் முழுக்க நடக்கிற வேலை. தைராய்டு ஹார்மோன் அதிகமானால் அரிப்பது வேகமெடுக்கும். நிரப்புகிறவை ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பள்ளம் மிஞ்சும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் பாதுகாப்பும் இல்லாததால் இழப்பு கூடுதல். 13 ஆய்வுகளில் இருந்த 70,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அலசலில், டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த வயதில் இடுப்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு உடனே மாத்திரை எழுத வேண்டுமா? கூடாது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி வைத்தியம் தொடங்குவதுதான் இதில் நான் அதிகம் பார்க்கிற தவறு. தைராய்டில் வந்துபோகும் அழற்சி, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பத்தின் முதல் மாதங்கள், வேறு பெரிய நோயிலிருந்து தேறும் காலம் ஆகிய எல்லாமே டி.எஸ்.எச்.சைத் தற்காலிகமாகக் குறைக்கும். முடி உதிர்வதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இன்னொரு வம்பு. அது தைராய்டை ஒன்றும் செய்வதில்லை, சில லேப் கருவிகளை ஏமாற்றி டி.எஸ்.எச்.சைக் குறைவாகக் காட்டவைக்கிறது. அதைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அவருக்கு நாடி சீராக இருக்கிறது, இதய நோய் இல்லை. ஆகவே சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம். நாடி தாறுமாறாக இருந்தால் இவ்வளவு பொறுக்கக்கூடாது.

இரண்டாவது முறையும் 0.05 என்று வந்தால் காரணம் தேட வேண்டும். டெக்னீஷியம் ஸ்கேனில் வலது பக்கம் ஒரே ஒரு கட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்து, மற்ற பகுதி மங்கிக் கிடக்கிறது என்றால், அந்தக் கட்டி பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்காமல் தானாகவே சுரக்கிறது. இது காத்திருந்தால் சரியாகிற வகை இல்லை. டெக்ஸா ஸ்கேனில் இடுப்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.6. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே அது ஆஸ்டியோபோரோசிஸ். வயது 65-க்கு மேல், டி.எஸ்.எச். விடாமல் 0.1-க்குக் கீழ், எலும்பும் தேய்ந்திருக்கிறது. இவருக்குச் சிகிச்சை வேண்டும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது.

இப்படிக் கட்டி இருப்பவருக்கு ரேடியோ அயோடின் பெரும்பாலும் ஒரே வேளையில் காரியத்தை முடித்துவிடும். பிறகு சிலருக்குச் சுரப்பு குறைந்து தைராக்ஸின் மாத்திரை தேவைப்படலாம். அது வேண்டாம் என்பவர்கள் கார்பிமசோல் 5 மில்லிகிராம் போலக் குறைந்த அளவில் தொடரலாம். அதைச் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அது அடியோடு குறைந்துபோய் உயிருக்கே ஆபத்தாகும்.

இதே ரிப்போர்ட் 34 வயதுப் பெண்ணுக்கு 0.28 என்று வந்திருந்தால் என் பதில் வேறு. படபடப்பு இல்லை, இதய நோய் இல்லை, எலும்பு நன்றாக இருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தால் போதும். இந்த அளவில் இருப்பவர்களில் நிறையப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. சிகிச்சை கொடுத்தால் பக்கவாதமும் எலும்பு முறிவும் குறைகின்றனவா என்று நிரூபித்த பெரிய ஒப்பீட்டுச் சோதனை இன்னும் வரவில்லை என்பதையும் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் மருந்து கொடுப்பது அதனால்தான்.

தைராய்டு குறைவு என்று ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.எச். இப்படிச் சரிந்தால் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் மாத்திரையின் அளவு கூடிவிட்டது என்றுதான் அர்த்தம். வயதாகி எடை குறைந்த பிறகும் பத்து வருடத்துக்கு முன் எழுதிய 100 மைக்ரோகிராமையே விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மருத்துவரைக் கேட்டு 75-க்கு இறக்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்தால் போதும். ஆனால் தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே கீழே வைத்திருப்பார்கள். அவர்கள் தாங்களாகவே மாத்திரையைக் குறைத்துவிடக்கூடாது.