மருதாணி கருக்காது

மருதாணி இட்டுக்கொண்டு தூங்கி எழுந்த காலையில் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சிவந்திருக்கா?” கருத்திருக்கிறதா என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. அம்மியில் இலையோடு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்து, விரல்நுனிகளுக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம் வைத்து, பழைய துணியைச் சுற்றிப் படுத்த காலத்திலிருந்து நம் பேச்சில் மருதாணிக்கு உரிய வினைச்சொல் சிவப்பதுதான். இன்று ஃபேன்சி ஸ்டோரில் ‘பிளாக் மெஹந்தி’ என்று கேட்டு வாங்கும் கோனைப் பற்றிப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல்லே போதுமான தொடக்கம். மருதாணி இலையால் தோலைக் கருப்பாக்க முடியாது. கருப்பாக்குகிறது என்றால் அந்த வேலையைச் செய்வது வேறு ஏதோ ஒன்று.

இலைக்குள் இருக்கும் சாயத்துக்கு லாசோன் என்று பெயர். முழு இலையில் அது வேறொரு பொருளோடு கட்டுண்டு கிடக்கும். அரைத்து ஈரமும் லேசான புளிப்பும் சேரும்போதுதான் மெதுவாக விடுபடும். நாம் சேர்க்கும் புளியும் எலுமிச்சைச் சாறும் வெறும் வழக்கம் அல்ல, அவற்றுக்கு வேலை இருக்கிறது. விடுபட்ட லாசோன் தோலின் மேலடுக்கில், அதாவது ஏற்கெனவே இறந்துபோன செல்களாலான அடுக்கில், கெரட்டின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு நான்கைந்து மணி நேரமாவது வேண்டும். விழுதை உதிர்த்ததும் தெரிவது ஆரஞ்சு நிறம். காற்றுப் பட்டு அடுத்த ஒன்றிரண்டு நாளில் அது செங்கபிலமாகி, நல்ல இலையாக இருந்தால் உள்ளங்கையில் அரக்குச் சிவப்பு வரை போகும். அதற்கு மேல் போகாது. இறந்த செல்கள் உதிர உதிர ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நிறமும் போய்விடும்.

உள்ளங்கை நன்றாகச் சிவப்பதற்கும் புறங்கை வெளுப்பாகவே நிற்பதற்கும் காரணம் இந்த மேலடுக்குதான். உள்ளங்கையில் அது தடிமன், புறங்கையிலும் முன்கையிலும் மெல்லிசு. அழகாகச் சிவந்தால் கணவனுக்கு ஆசை அதிகம் என்றும், உடம்பில் பித்தம் அதிகம் என்றும் வீட்டுக்கு வீடு ஒரு விளக்கம் உண்டு. உண்மையில் அது தோலின் தடிமனும் இலையின் தரமும் ஊறிய நேரமும் சேர்ந்து செய்யும் வேலை. கருப்பு கோன் நம் திருமணங்களுக்குள் நுழைந்த வழியும் இதுதான். புறங்கையில், முழங்கை வரை, கோலத்தின் ஓரக்கோடு எடுப்பாகத் தெரிய வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, இலையால் செய்ய முடியாததை ஒரு வேதிப்பொருளைக் கொண்டு செய்தார்கள்.

அந்தப் பொருளின் பெயர் பாரா-ஃபினிலின்டைஅமின், சுருக்கமாகப் பிபிடி. நரைக்குப் போடும் கருப்புச் சாயங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருப்பது. தலைச்சாயத்தில் இருப்பதைக் கையில் போட்டால் என்ன என்று தோன்றலாம். தலைச்சாயத்தில் அதோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற இன்னொரு திரவம் கலக்கப்படுகிறது. அது பிபிடியைச் சட்டென்று பெரிய நிற மூலக்கூறுகளாக மாற்றி முடிக்குள் சிறைப்படுத்திவிடும், அரை மணியில் நாம் அலசிவிடுகிறோம். ஐரோப்பாவில், தலையில் தடவும் கலவையில் பிபிடி 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தோலில் நேரடியாகப் பூச அங்கும் அனுமதி இல்லை, அமெரிக்காவிலும் இல்லை.

கோனில் இருக்கும் பிபிடிக்கு இந்தக் கடிவாளம் எதுவும் கிடையாது. பல நாடுகளில் கருப்பு மருதாணிக் கலவைகளைச் சோதித்தபோது சிலவற்றில் 15 விழுக்காட்டுக்கும் மேல் பிபிடி இருந்தது. காற்றில் மெதுவாக மாறிக்கொண்டே அது தோலின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சிறிய மூலக்கூறு ஆகையால் இறந்த அடுக்கோடு நிற்காமல் கீழே உயிருள்ள செல்கள் வரை இறங்கிவிடும். போகிற வழியில் உருவாகும் இடைநிலைப் பொருட்கள் நம் உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் மிகவும் வலுவான பொருட்களில் ஒன்றாகப் பிபிடியை மருத்துவர்கள் எண்ணுகிறார்கள்.

தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதையை ஒரு பெண்ணின் மேல் வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கருப்பு கோன் போட்டுக்கொள்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ‘எனக்கு ஒத்துக்கொள்கிறது’ என்று வீடே முடிவு செய்கிறது. ஆனால் அந்த ஓரிரு வாரத்தில் அவள் உடம்பு பிபிடியை அடையாளம் கண்டு மனப்பாடம் செய்துவிட்டது. நான்கு வருடம் கழித்து அக்காவின் கல்யாணத்துக்கு மறுபடி போடுகிறாள். அன்றிரவு ஒன்றுமில்லை. மறுநாள் மாலை கோடுகளில் அரிப்பு. மூன்றாம் நாள் காலையில் கோலம் போட்ட இடமெல்லாம் தடித்து, கொடியும் மாங்காயும் அப்படியே கொப்புளமாக எழும்பி, நீர் கசிகிறது. வேறு எங்கும் இல்லை, கோடு போன வழியில் மட்டும். பார்த்த உடனே மருத்துவருக்குக் காரணம் தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு களிம்பும், தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். ஆனால் ஆறிய இடத்தில் அதே கோலம் வெளிறிய கோடாகவோ கருந்தழும்பாகவோ மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்குத் தழும்பு மேடிட்டு வளர்வதும் உண்டு.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது தழும்பு அல்ல. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் நரை எட்டிப்பார்க்கும். கடையில் ஒரு சாதாரண தலைச்சாயம் வாங்கிப் போடுவாள். மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும். ஆண்டுவிழா கோனை அப்போது யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பிபிடி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். அதோடு நிற்பதும் இல்லை. சில அடர்நிறத் துணிச்சாயங்கள், கருப்பு ரப்பர், மரத்துப்போவதற்குத் தடவும் பென்சோகெய்ன் மருந்து என்று உருவத்தில் ஒத்த வேறு பொருட்களையும் அந்த உடம்பு எதிரியாக எண்ணக்கூடும்.

2012 ஆகஸ்டில் ரம்ஜானுக்கு முந்தைய இரவு, மருதாணி வைத்துக்கொண்டவர்களின் உயிருக்கே ஆபத்து என்ற வதந்தி செல்போன் வழியாகப் பரவி, தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் பெண்களும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அன்று பரவியது பீதி. பிபிடி ஒவ்வாமை அப்படி ஒரே இரவில் ஊரைத் தாக்குவதில்லை. அது நாள் கழித்து வருகிறது, தனித்தனியாக வருகிறது, முதல் தடவையில் பெரும்பாலும் வராமலே போகிறது. அதனாலேயே வதந்தி அடங்கியதும் கோன் மீண்டும் கடைக்கு வந்தது, யாரும் அதைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? விழுதின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல மருதாணியும் காய்ந்தால் கரும்பச்சையாக, கிட்டத்தட்டக் கருப்பாகவே தெரியும். உதிர்த்த பின் தோலில் என்ன இருக்கிறது என்பதுதான் சாட்சி. உதிர்த்த நொடியிலேயே கருப்பு என்றால் அது மருதாணி இல்லை. ‘அரை மணி போதும்’ என்று விற்றாலும் அது மருதாணி இல்லை. நீலகிரித் தைலமோ இலை வாசனையோ இல்லாமல் சாய நெடி அடித்தாலும் சந்தேகப்படுங்கள். இன்னொரு எளிய சோதனை கடை அலமாரி. கலந்த மருதாணி விழுது சாதாரண அறை வெப்பத்தில் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும், குளிர்பெட்டியில் உறைய வைத்தால்தான் மாதக்கணக்கில் தாங்கும். ஓராண்டு வெயிலில் தொங்கியும் நன்றாகப் பிடிக்கிற கோனில் இலையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. சிவப்பு நிறத்தில் வரும் ‘இன்ஸ்டன்ட்’ கோன்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் சிலவற்றில் சோடியம் பிக்ரமேட் என்ற வேறொரு சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

அவுரி சேர்த்திருக்கிறோம், அதனால்தான் கருப்பு என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி இலை தலைமுடியை மருதாணியோடு சேர்ந்து கருக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இலைப்பொடி கோனுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, ஒரு மணி நேரத்தில் தோலில் ஒரு வாரம் நிற்கும் கருங்கோடு போடாது. ‘கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்’ என்ற யோசனையும் இங்கே உதவாது. இவ்வளவு வீரியமான பிபிடியை ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பதே உடம்புக்கு முதல் பாடமாகிவிடலாம்.

தெரியாமல் போட்டுவிட்டால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிடித்த நிறம் போகாது, மிச்சம் உள்ளே இறங்குவது குறையும். அரித்தால் எலுமிச்சையும் பற்பசையும் தடவிப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள், அந்தக் கோனையும் எடுத்துக்கொண்டு போங்கள். புண் முழுக்க ஆறிய பிறகு, வாசலினில் 1 விழுக்காடு பிபிடி கலந்து முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துச் செய்யும் சோதனையில் ஒவ்வாமை உறுதியாகும். அந்த முடிவைப் பத்திரமாக வைத்து, தலைச்சாயம் போடுமுன் யாரிடமும் சொல்லத் தயங்கக்கூடாது.

அசல் மருதாணிக்கும் ஓர் எல்லை உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால் கைக்குழந்தைக்கு எதுவும் வைக்காமல் இருப்பதே நல்லது.

கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மருதாணி வைப்பதுதான் கருப்பு கோனை அழைத்து வருகிறது. காலையில் பார்த்தால் ஆரஞ்சு, புகைப்படத்தில் வெளிறித் தெரியும் என்ற பயம். இரண்டு நாள் முன்னதாக வையுங்கள். நன்றாகச் சலித்த இலைப்பொடி 100 கிராம், கலக்குமளவு எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி சர்க்கரை, சில சொட்டு நீலகிரித் தைலம். மூடி ஓர் இரவு ஊறவிட்டு, பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி நீங்களே கோன் செய்துகொள்ளலாம். காய்ந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் சுரண்டி உதிர்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, முதல் நாள் முழுக்க முடிந்தவரை ஈரம் படாமல் விட்டால், தாலி கட்டும் நேரத்தில் கை அதன் உச்சச் சிவப்பில் இருக்கும்.