விழுந்தபின் தோன்றும் வால் எலும்பு வலி

வால் எலும்பு வலி என்பது முதுகெலும்பின் கடைசி முனையில், பிட்டங்களுக்கு இடையே தோன்றும் வலியாகும். உட்காரும்போது இவ்வலி கூடும். நிற்கும்போதும் நடக்கும்போதும் குறையும். ஈரமான தரையில் வழுக்கி, பின்புறமாக உட்கார்ந்த நிலையில் விழுவது இதற்கு மிகப் பொதுவான காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. பிரசவத்தின்போது இவ்வெலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவதும் அதற்கு ஒரு காரணம்.

விழுந்தவரும் அவருடைய வீட்டாரும் முதலில் கேட்பது "எலும்பு முறிந்துவிட்டதா?" என்பதே. வால் எலும்பைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை. அடி வால் எலும்போடு நின்றதா, அதற்கு மேலும் சென்றதா என்பதும், அடுத்த சில வாரங்கள் அவர் எவ்வாறு உட்காருகிறார் என்பதுமே முதன்மையானவை.

அமைப்பு

வால் எலும்பு பொதுவாக நான்கு சிறு முள்ளெலும்புகளால் ஆனது. சிலருக்கு மூன்று அல்லது ஐந்து இருக்கும். இது மேலே திருவெலும்புடன் ஒரு மூட்டால் இணைந்து, கீழே முன்னோக்கி வளைந்து கூராக முடிகிறது. குயிலின் அலகை ஒத்திருப்பதால் இதற்குக் கிரேக்க மொழியில் குயிலைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று. ஆங்கில மருத்துவப் பெயரும் அதிலிருந்து வந்ததே. இங்கு ஏற்படும் வலிக்கு 1859ஆம் ஆண்டில் தனிப்பெயர் சூட்டியவர், குளோரோஃபார்மை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்திய எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் ஆவார்.

நிமிர்ந்து உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குபவை பிட்டத்தின் இருபுறமும் உள்ள இரு எலும்பு முனைகள். கையைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்தால் அவற்றை உணரலாம். உடல் பின்னோக்கிச் சாயச் சாய, எடை இவ்விரு முனைகளிலிருந்து விலகி வால் எலும்பின்மீது ஏறுகிறது. உட்காரும் முறைகள் பற்றிக் கீழே கூறப்படுபவை அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்து வருவனவே.

முறிவின் அறிகுறிகள்

வால் எலும்பில் வெறும் அடி, மூட்டு விலகல், முறிவு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வலியைத் தருகின்றன. விழுந்த கணத்திலேயே கூர்மையான வலி, ஓரிரு நாளில் பிட்டங்களின் இடையே வீக்கமும் கருநீல நிறமும், விரலால் தொட்டால் ஒரே புள்ளியில் தாங்க இயலாத வலி, அசையும்போது எலும்பு உரசுவது போன்ற உணர்வு, மலம் கழிக்கையில் கடும் வலி ஆகியவை முறிவை ஐயுறச் செய்யும். எனினும் இவற்றுள் எதுவும் முறிவை உறுதிசெய்வதன்று. நாள் செல்லச்செல்ல வலி போகும் வகை கூடுதலாகத் துணைபுரியும். வெறும் அடியாயின் ஒரு வாரத்திலேயே தெளிவான குறைவு தெரிந்து, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். முறிவு ஆறுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம்.

மருத்துவர் தேவையெனக் கருதினால் கையுறையணிந்த விரலை மலக்குடல்வழி செலுத்தி, வால் எலும்பை உள்ளும் வெளியுமாகப் பிடித்து அதன் அசைவைச் சோதிப்பார். இச்சோதனையைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெறவேண்டும்.

பக்கவாட்டு எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெரிய முறிவு தெரியும். ஆனால் இப்படம் எளிதில் தவறாகப் படிக்கப்படுகிறது. வால் எலும்பின் வளைவு ஆளுக்கு ஆள் மாறுபடும். இத்தாலிய மருத்துவர்களான போஸ்தாகினியும் மாசோபிரியோவும் 1983இல் அதன் வடிவங்களை நான்கு வகையாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றில் எலும்பு இயல்பாகவே முன்னோக்கிக் கூர்மையாக மடங்கியிருக்கும். மேலும் சிறு முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள மூட்டுகள் இணையாமல் இருந்தால் அவை முறிவுக் கோடு போலத் தோன்றும். விழுந்த பிறகே முதன்முறையாகப் படம் எடுக்கப்படுவதால், பிறவியிலேயே இருந்த வளைவுக்கு விழுந்ததன் பழி சேருவது உண்டு.

படம் எடுக்கும் நிலையிலும் ஒரு குறை உண்டு. நோயாளி படுத்திருக்கையில் எடுத்த படத்தில், உட்காரும்போது எழும் வலியின் காரணம் தெரியாமற் போகலாம். 1990களில் பாரிசைச் சேர்ந்த ஜான்-ஈவ் மேன்யு என்ற மருத்துவர், நின்ற நிலையில் ஒரு படமும், வலி தோன்றும் வரை உட்காரவைத்து மற்றொரு படமும் எடுத்து ஒப்பிட்டார். இயல்பானவருக்கு உட்காரும்போது வால் எலும்பு 5 முதல் 25 பாகை வரை திரும்பும். நெடுநாள் வலியுள்ளவர்களில் சிலருக்கு அது 25 பாகைக்கு மேல் மடங்கியது. வேறு சிலருக்கு மூட்டிலிருந்தே பின்னோக்கி நழுவி, எழுந்ததும் தன் இடத்துக்குத் திரும்பியது. 2000ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆய்வில், 208 நோயாளிகளுள் 69 விழுக்காட்டினருக்கு இவ்வாறு ஏதேனும் ஒரு காரணம் கண்டறியப்பட்டது. ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்ற முடிவு, வலி பொய் என்பதற்குச் சான்றாகாது. இரண்டு மாதங்களுக்கு மேல் வலி நீடிப்பவர்களுக்கே இந்த இரட்டைப் படம் பயன்படும். விழுந்த அன்றே தேவையில்லை. கருவுற்றிருக்கக் கூடியவர்கள் எந்த எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் முன்னதாக அதைத் தெரிவிக்கவேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

விழுந்தபின் சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் அல்லது சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல், தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், கால்களில் வலுக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அது வால் எலும்பு வலி அன்று. முதுகுத்தண்டின் கீழுள்ள நரம்புக் கற்றை அழுத்தப்பட்டிருக்கலாம். அத்தகையவரைத் தூக்கி உட்காரவைக்காமல் 108 எண்ணுக்கு அழைக்கவேண்டும். இதில் காலத்தாழ்வு நிலையான பாதிப்பில் முடியக்கூடும்.

முதியவர்களுக்கு மற்றோர் ஐயமும் உண்டு. எலும்புத் தேய்மை உள்ளவர் மெதுவாக விழுந்தாலும் முதுகு முள்ளெலும்போ திருவெலும்போ தொடையெலும்பின் கழுத்தோ முறியலாம். நிற்க இயலாமலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியோ இருந்தால் வால் எலும்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இடுப்பைப் படம் எடுக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த பீர்க்கன்கரணையில், நாற்பது வயதுப் பெண் ஒருவர், துடைத்த ஈரம் காயாத அடுக்களை டைல்ஸ் தரையில் வழுக்கி விழுகிறார் என்று கொள்வோம். எழுந்து நடக்கிறார், மரத்துப்போதல் இல்லை, சிறுநீர் இயல்பாகப் போகிறது. ஆகவே அவசரம் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாட்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் என நாளில் சில முறை வைக்கிறார். பனிக்கட்டி தோலில் நேராகப் படக்கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதன்பின் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். எண்ணெய் தேய்த்து நீவிவிட உறவினர் முன்வரலாம். புதிதாக அடிபட்ட எலும்பை அழுத்தி நீவுவது வலியைக் கூட்டும் என்பதால் அதை ஏற்காதிருத்தல் நன்று. கை, கால் முறிவுக்குப் புத்தூர்க் கட்டு நாடுவது சென்னைப் பகுதியில் வழக்கம். ஆனால் வால் எலும்பைச் சுற்றி எந்தக் கட்டும் போட இயலாது. மாவுக்கட்டும் அவ்வாறே. முறிந்திருந்தாலும் அது தானாகவே ஆறவேண்டும்.

அவர் படும் பாடு பெரும்பாலும் உட்காருவதில்தான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னோக்கிச் சுழன்று, எடை முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது. புதைந்துபோகும் சோபாவும் அத்தகையதே. எலும்பு முனைகள் பஞ்சில் அமிழ்ந்ததும் வால் எலும்பு தாங்கத் தொடங்குகிறது. இதமாகத் தோன்றும் சோபாவைவிடக் கெட்டியான நாற்காலியில் முன்னோக்கிச் சற்றுக் குனிந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்காருவது குறைவாக வலிக்கும்.

மருந்துக்கடைகளில் கிடைக்கும் வட்ட வளைய மெத்தையை அவர் முதலில் வாங்கக்கூடும். அதன் துளை நடுவில் உள்ளது. வால் எலும்போ பின்விளிம்பில் அமர்கிறது. ஆகவே மூலத்துக்கு உதவும் அவ்வளையம் இதற்குப் பலருக்கு உதவுவதில்லை. தேவைப்படுவது பின்பக்கம் திறந்த, ஆங்கில எழுத்து "யூ" வடிவில் வெட்டப்பட்ட மெத்தையே. கெட்டியான ரப்பர் பஞ்சைத் தைப்பவரிடம் கொடுத்து, பின்விளிம்பின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டச் செய்தாலும் போதும். உட்கார்ந்தபின் பின்னாலிருந்து கையை அவ்விடைவெளியில் நுழைத்துப் பார்க்கவேண்டும். எலும்பு எதன்மீதும் படாமல் கை தடையின்றிச் சென்றால் மெத்தை சரியானது. பஞ்சு அமுங்கி எலும்பு அடியைத் தொட்டால் தடிமன் போதாது.

எழும்போதுதான் பலருக்கு வலி உச்சத்தை அடைகிறது. பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து நேராக எழாமல், நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, பின்னர் தொடைகளின் வலிவில் எழவேண்டும். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது. பெருங்களத்தூரிலிருந்து மின்தொடர்வண்டியில் செல்பவர் முதல் இரு வாரங்கள் நின்றுகொண்டே செல்வது, ஸ்கூட்டரில் வேகத்தடைகள்மீது குலுங்குவதைவிட மேலானது. உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கலாம்.

மலச்சிக்கல் தனியாகக் கவனிக்கத்தக்கது. முக்கும்போது வால் எலும்பைப் பற்றியுள்ள தசைகள் இழுக்கப்படுகின்றன. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது மேலும் இறுகுகிறது. கீரை, பழம், போதிய நீர் ஆகியவற்றுடன், தேவையானால் மருத்துவர் தரும் மலமிளக்கியும் வேண்டும். கோடீன், டிரமடால் போன்ற வலிநீக்கிகள் மலச்சிக்கலை உண்டாக்குவதால் வலி குறைந்தும் துன்பம் குறையாமல் போகலாம்.

மூன்றாம் வாரத்தில் அவர் மெத்தையுடன் அரை மணி உட்கார முடிகிறது என்றால் குணம் சரியான வழியில் செல்கிறது. வலி குறையாமல் அப்படியே நின்றால், அல்லது காய்ச்சலும் சீழும் தோன்றினால், அரசு மருத்துவமனை ஒன்றில் எலும்பு மருத்துவரைக் காணவேண்டும். பிட்டங்களின் இடையே முடி உட்புகுந்து உண்டாகும் கட்டியும் இதே இடத்தில்தான் வலிக்கும். விழுந்ததை நினைத்துக்கொண்டு அக்கட்டியைத் தவறவிடுவது நேர்வதுண்டு.

நீடிக்கும் வலி

ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் அறுவையின்றிக் குணமடைகின்றனர். எஞ்சியவர்களுக்கு இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி, வால் எலும்பைச் சுற்றி ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் கலந்த ஊசி ஆகியவை முயலப்படும். ஊசி போடுமிடத்தை எக்ஸ்-கதிர்த் திரையில் பார்த்துப் போடுவது வழக்கம். இவையும் பயன்படாமல், உட்கார்ந்து எடுத்த படத்தில் எலும்பு நழுவுவது உறுதியானவர்களுக்கு மட்டுமே வால் எலும்பை அகற்றும் அறுவை கருதப்படுகிறது. மலவாய்க்கு மிக அருகில் வெட்டு அமைவதால் அப்புண்ணில் தொற்று ஏற்படுவது இவ்வறுவையின் முதன்மையான சிக்கல். முழுப் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.