கடைசி வரி வரை படித்தாலும் கண் நலம் என்றில்லை

முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை நல்ல மருந்து, விலையும் மலிவு. நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கும் இதைக் கூடுதல் மாத்திரையாக எழுதுகிறார்கள். நெடுநாள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மட்டும் இது விழித்திரையைக் கெடுக்கிறது. அந்தக் கேட்டைச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

நாம் எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நட்டநடுப் புள்ளியால். மருந்தோ முதலில் அந்தப் புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றி வளையமாக ஒளி உணரும் செல்களைத் தின்னத் தொடங்குகிறது. அதனால் 6/6 பார்வை அப்படியே இருக்கும். வாசிக்கும்போது வரியில் ஓரிரு எழுத்து காணாமல் போவதாக ஒருவர் சொல்கிற கட்டத்தில் சேதம் முற்றியிருக்கும். விழித்திரைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அம்பெய்யும் இலக்குப் பலகை போன்ற வளையம் தெரிவது பிந்திய நிலையில்தான். போன செல்கள் திரும்பி வருவதில்லை. முற்றிய நிலையில் மருந்தை நிறுத்திய பிறகும் சேதம் கொஞ்சம் பரவக்கூடும்.

ஆபத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் எடைக்கு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த வரம்பு. 52 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவருக்கான உச்சவரம்பு 260 மில்லிகிராம். ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று 200 மில்லிகிராம் மாத்திரையை இரண்டாகச் சாப்பிட்டால் 400 ஆகிவிடும்; கிலோவுக்கு ஏறத்தாழ 7.7. வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு என்று 9 மாத்திரையாக மருத்துவர் மாற்றிக்கொடுத்தால் சராசரி 257, வரம்புக்குள் வந்துவிடும். நோயால் எடை குறைந்தவருக்குப் பழைய சீட்டையே தொடர்ந்தால் கணக்கு மறுபடி தப்பும். ஒவ்வொரு முறை சீட்டைப் புதுப்பிக்கும்போதும் எடைக்கருவியில் ஏறி இறங்குவது நல்லது.

வரம்புக்குள் சாப்பிட்டால் முதல் 5 ஆண்டுகளில் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 10 ஆண்டு வரை இரண்டுக்கும் குறைவு. 20 ஆண்டு தாண்டினால் ஏறக்குறைய இருபதாகிறது. பரிசோதனை அட்டவணை இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தது. மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை. வேறு ஆபத்து இல்லாதவருக்கு ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை. சிறுநீரகம் பழுதானவர், மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் எடுப்பவர், எடைக்கு மிஞ்சிய அளவு சாப்பிடுகிறவர் ஆகியோர் 5 ஆண்டு காத்திருக்கக்கூடாது. மருந்தின் கணிசமான பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி நேர்வது. அதனால் கிரியேட்டினின் அறிக்கையையும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனை இரண்டு. ஒன்று, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே படம் எடுக்கும் ஓசிடி ஸ்கேன். மற்றொன்று பார்வைப் புலச் சோதனை: நடுவில் ஒரு விளக்கை உற்றுப் பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான 10-2 சோதனை நடுப்புலத்தின் 10 பாகையை மட்டும் அளக்கும். இங்கே ஆசியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பலருக்குச் சேதம் நடுவிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே 24-2 அல்லது 30-2 என்ற அகன்ற புலச் சோதனையும், அகன்ற ஓசிடி படமும் சேர்த்துக் கேட்பது நியாயம்.

புலச் சோதனையில் களைப்பாலும் கவனக்குறைவாலும் தவறு வருவது சகஜம். சந்தேகத்துக்குரிய முடிவு வந்தால் மீண்டும் எடுப்பார்கள். ஓசிடியும் அதே இடத்தில் மெலிவைக் காட்டுகிறதா என்று ஒப்பிடுவார்கள். அதற்குள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. லூபஸ் மறுபடி தலைதூக்கினால் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மூட்டு மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

எல்லா மருந்துக்கும் இதே அட்டவணை பொருந்தாது. குழந்தைகளின் வலிப்புக்குத் தரும் விகாபாட்ரின் பார்வையின் ஓரங்களை நிரந்தரமாகக் குறுக்கக்கூடியது. அதற்குத் தொடக்கத்திலும் பின்பு 3 மாதத்துக்கொரு முறையும் சோதனை செய்யச் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பை வலிக்குத் தரும் பென்டோசானை ஆண்டுக்கணக்கில் எடுத்த சிலருக்கு மாக்குலாவில் நிறமாற்றம் தெரிந்தது. காசநோய்க்கான எதாம்ப்யூட்டால் விழித்திரையை விட்டுவிட்டுக் கண் நரம்பைத் தாக்குகிறது. சில மாதங்களிலேயே தாக்கும் என்பதால், சிவப்பு மங்கலாகத் தெரிந்தாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.